அலுவலகம் துவாஸுக்குப் போகிறது என்று நான் அனுப்பிய இரண்டு வரி மின்னஞ்சல்

2025 மார்ச் 21, வெள்ளிக்கிழமை மாலை 5.40. அந்த நேரம் எனக்கு மறக்காது. ஊபியில் இருந்த எங்கள் அலுவலகமும் கிடங்கும் துவாஸுக்கு மாறப்போகின்றன என்ற அறிவிப்பை 46 பேருக்கும் அனுப்பிவிட்டுக் கணினியை அணைத்தேன். இரண்டே வரி. "ஜூலை 1 முதல் நம் நிறுவனம் துவாஸில் உள்ள புதிய, பெரிய இடத்தில் இயங்கும். மேல் விவரங்கள் பின்னர் தெரிவிக்கப்படும்." எழுதிக் கொடுத்தது முதலாளி. அனுப்பியது என் பெயரில். வெள்ளி மாலையில் அனுப்பினால் சனி, ஞாயிறில் எல்லாரும் ஆறிவிடுவார்கள் என்று அவர் சொன்னார், நானும் தலையாட்டினேன்.

யாரும் ஆறவில்லை. திங்கட்கிழமை காலை வந்தபோது என் மேசைக்கு முன்னால் ஏழு பேர் நின்றார்கள். வாட்ஸ்அப் குழுவில் சனிக்கிழமையே ஒருவர் எம்ஆர்டி வரைபடத்தைப் போட்டு, பச்சைக் கோட்டின் கடைசிப் புள்ளியில் சிவப்பு வட்டம் வரைந்திருந்தார். அதற்குக் கீழே எண்பது செய்தி. நான்தான் மனிதவளம், நான்தான் நிர்வாகம், எங்கள் அளவு நிறுவனத்தில் இரண்டும் ஒரே நாற்காலி. இடம் பார்த்ததிலோ ஒப்பந்தம் போட்டதிலோ எனக்குப் பங்கில்லை. ஆனால் கேள்வியெல்லாம் என்னிடம்தான் வந்தது, என்னிடம் ஒரு பதிலும் இல்லை. அடுத்த பல மாதம் நான் பட்டதை இங்கே எழுதுகிறேன். இதே நாற்காலியில் உட்கார்ந்து இதே மாதிரி மின்னஞ்சலை எழுதப் போகிறவர் யாராவது இருந்தால் அவருக்காக.

முதலில் நாங்கள் செய்த பெரிய தப்பு, தூரத்தைப் பணமாகப் பார்த்தது. முதலாளி கணக்குப் போட்டார்: சிங்கப்பூரில் பேருந்து, ரயில் கட்டணம் எவ்வளவு தூரம் போனாலும் ஒரு வழிக்கு 3 வெள்ளியைத் தாண்டாது, ஊபிக்கு வருவதைவிட ஒரு நாளைக்கு ஒன்றரை வெள்ளி கூடினால் அதிகம், இதற்கு ஏன் இத்தனை அலறல்? கணக்கு சரிதான். ஆனால் அலறியவர்கள் யாரும் கட்டணத்தைப் பற்றிப் பேசவில்லை. தெம்பனிஸ் எம்ஆர்டியில் ஏறினால் துவாஸ் லிங்க் வரை 31 நிறுத்தம். அது பணப் பிரச்சினை இல்லை, காலை 7 மணிக்குத் திறந்து மாலை 7 மணிக்கு மூடும் குழந்தைப் பராமரிப்பு நிலையத்தின் பிரச்சினை.

அறிவிப்பு போய் மூன்று வாரம் கழித்துத்தான் எனக்குப் புத்தி வந்தது. ஓர் அட்டவணை போட உட்கார்ந்தேன். ஒவ்வொருவரின் அஞ்சல் குறியீடு நம் கோப்பிலேயே இருக்கிறது. வீட்டிலிருந்து பழைய அலுவலகத்துக்கு எத்தனை நிமிடம், புதியதற்கு எத்தனை நிமிடம், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம். மூன்று பத்திதான். ஆனால் இதிலும் ஒரு தடவை சறுக்கினேன். இரவு பத்து மணிக்கு வீட்டில் உட்கார்ந்து கூகுள் வரைபடத்தைத் தட்டிப் பார்த்தால் அது இரவு பத்து மணிக்கான நேரத்தைத்தான் காட்டும். புறப்படும் நேரத்தைக் காலை 7.15 என்று மாற்றிக் கேட்க வேண்டும். அப்படிக் கேட்டாலும் துவாஸ் பகுதியில் அது சொல்வதை நம்ப முடியாது. ரயிலிலிருந்து இறங்கியபின் தொழிற்பேட்டைக்குள் போகும் பேருந்துக்கு நிற்கும் வரிசை அந்த வரைபடத்தில் இல்லை.

ஆகவே நானே போய்ப் பார்த்தேன். ஒரு நாள் தெம்பனிஸிலிருந்து, ஒரு நாள் ஈசூனிலிருந்து, ஒரு நாள் என் வீடு இருக்கும் செங்காங்கிலிருந்து. விடிகாலையில் ஈசூனுக்கும் தெம்பனிஸுக்கும் போக டாக்சிக்கு மட்டும் சொந்தப் பணம் 61 வெள்ளி. கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்கள், அப்போது இருந்த மனநிலையில் கேட்கத் தோன்றவில்லை. தெம்பனிஸ் நிலையத்தில் ரயிலேறி துவாஸ் லிங்கில் இறங்க எனக்கு 75 நிமிடம் ஆனது. அப்புறம் பக்கத்திலிருக்கும் பேருந்து முனையத்தில் வரிசை, பயணம், இறங்கி நடை எல்லாம் சேர்த்து 20 நிமிடம். மாலையிலும் அதே வழியில் திரும்பிப் போய்ப் பாருங்கள், காலை மட்டும் போதாது. காலையில் பேருந்துகள் அடுத்தடுத்து வந்தன. மாலை ஆறரைக்கு மேல் அந்தத் தொழிற்பேட்டைச் சாலையில் நான் மட்டும்தான் நின்றுகொண்டிருந்தேன். ஒரு பெண் ஊழியர் தனியாக அங்கே நிற்க வேண்டியிருக்கும் என்பது அப்போதுதான் உறைத்தது.

இந்தப் பயணத்தில் இன்னொன்றும் தெரிந்தது. மொத்த நேரத்தைப் பார்த்தால் ஏமாந்துவிடுவோம், கூடும் நேரத்தைப் பார்க்க வேண்டும். ஈசூன்காரர் துவாஸுக்கு ஒன்றரை மணி நேரம் பயணம் செய்வார். பார்க்கப் பெரிய தொகையாக இருக்கிறது. ஆனால் அவருக்கு ஊபிக்கு வரவே ஒரு மணி நேரம் ஆகிக்கொண்டிருந்தது. ஆகக் கூடுவது அரை மணி நேரம். தெம்பனிஸ்காரருக்கு 25 நிமிடம் 95 நிமிடமாக ஆகிறது. ஒரு வழிக்கு 70 நிமிடம் கூடுதல், நாளுக்கு 140 நிமிடம். அட்டவணை முடிந்தபோது 46 பேரில் 11 பேருக்கு நேரம் குறைந்திருந்தது. பூன் லே, ஜூரோங் வெஸ்ட் பக்கத்து ஆட்கள். அவர்கள் வாட்ஸ்அப் குழுவில் வாயைத் திறக்காததன் காரணம் இதுதான். 14 பேருக்கு அரை மணி வரை கூடியது. மீதி 21 பேருக்கு அரை மணிக்கு மேல். உதவி தேவைப்படுவது அந்த 21 பேருக்குத்தான். இதை மார்ச் 21க்கு முன்னால் போட்டிருந்தால் நான் 46 பேரையும் பயமுறுத்தியிருக்க வேண்டாம்.

அந்த 21 பேரில் ஒருவர் எங்கள் கணக்குப் பிரிவு அக்கா. ஒன்பது வருடம் எங்களோடு. தெம்பனிஸில் வீடு, நான்கு வயதுப் பையன். அவர் கணவர் ஷிப்டு வேலையில் இருப்பவர். அறிவிப்பு வந்த வாரமே அவர் என்னிடம் எழுத்தில் ஒரு கோரிக்கை கொடுத்தார்: வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை, மற்ற நாள்களில் நேரத்தை மாற்றித் தர முடியுமா என்று. நான் முதலாளிக்கு அனுப்பினேன். "பார்க்கலாம், அங்கே போய் உட்கார்ந்த பிறகு முடிவு செய்வோம்" என்றார். நான் அதை அப்படியே அக்காவிடம் சொன்னேன். இந்த இடத்தில் என் பங்குத் தப்பை ஒப்புக்கொள்கிறேன். 2024 டிசம்பர் 1 முதல் நீக்குப்போக்கான வேலை ஏற்பாட்டுக் கோரிக்கைகளுக்கான முத்தரப்பு வழிகாட்டி நடப்பில் இருக்கிறது. தகுதிகாண் காலம் முடிந்த ஊழியர் முறையாக எழுதிக் கேட்டால் முதலாளி இரண்டு மாதத்துக்குள் எழுத்தில் பதில் சொல்ல வேண்டும், மறுத்தால் வேலை சார்ந்த நியாயமான காரணம் வேண்டும். "பார்க்கலாம்" என்பது பதிலில்லை. அது எனக்குத் தெரிந்திருந்தும் முதலாளியிடம் அழுத்திச் சொல்லவில்லை, இரண்டு மாதம் இருக்கிறதே என்று விட்டுவிட்டேன். நமக்கு இரண்டு மாதம் அவகாசம் இருக்கலாம், அவருக்கு இல்லை.

நான்காவது வாரம் அட்டவணையோடு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். காலை 7 மணிக்குப் பையனை விட்டுவிட்டு நடந்து 7.15க்கு ரயில். 8.30க்கு துவாஸ் லிங்க், 8.50க்கு அலுவலகம். எங்கள் வேலை நேரம் 8.30 முதல் 5.45. தினமும் 20 நிமிடம் தாமதம். மாலை 5.45க்குக் கிளம்பினால் 6.05 ரயில், 7.20க்குத் தெம்பனிஸ், 7.30க்குப் பராமரிப்பு நிலையம். அது மூடி அரை மணி நேரம் ஆகியிருக்கும். இரண்டு முனையிலும் இடிக்கிறது. அப்புறம் பின்னாலிருந்து கணக்குப் போட்டோம். 6.45க்குப் பையனைக் கூப்பிட வேண்டுமென்றால் 5 மணிக்கு அலுவலகத்தை விட்டு இறங்க வேண்டும், ரயில் தாமதத்துக்கு 15 நிமிடம் கையிருப்பு. காலை 9க்கு வரலாம். மதிய உணவு இடைவேளையை ஒரு மணியிலிருந்து அரை மணியாகக் குறைக்கலாம். அப்படியானால் அலுவலகம் வரும் மூன்று நாளும் 45 நிமிடம் குறைகிறது, அதை வீட்டிலிருந்து வேலை செய்யும் இரண்டு நாளில் ஈடுசெய்துவிடலாம். மாத முடிவுக் கணக்கு நாள்களில் மட்டும் அம்மாவை உதவிக்கு வரச் சொல்வதாக அவரே சொன்னார். அரை மணி நேரத்தில் எல்லாம் பொருந்திவிட்டது. எனக்கு ஒரே சந்தோஷம்.

அக்கா தாளைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "இத மூணு வாரத்துக்கு முன்னாடி காட்டியிருக்கலாமேம்மா" என்றார். முந்தின நாள்தான் வேறு ஒரு நிறுவனத்தில் கையெழுத்துப் போட்டிருந்தார். அன்று மதியம் நான் சாப்பிடவில்லை. அவர் இடத்துக்கு ஆள் எடுக்க முகவர் நிறுவனத்துக்குக் கொடுத்த கட்டணம் ஒரு மாதச் சம்பளம். அவர் தலையில் இருந்த ஒன்பது வருட விவரம் அந்தக் கட்டணத்தில் வரவில்லை. அதே நேர ஏற்பாட்டைப் பிறகு கொள்முதல் பிரிவில் இன்னொரு தாய்க்குப் போட்டோம், அது இன்றுவரை சிக்கலில்லாமல் ஓடுகிறது. மொத்தம் ஐந்து பேர் போனார்கள், ஐவருமே அந்த 21இல் இருந்தவர்கள்.

போகிறவர்களிடமிருந்து வந்த ஒரு கேள்விக்கு முன்கூட்டியே பதில் தயார் செய்துகொள்ளுங்கள்: "நான் அங்கே வர முடியாது. இது நான் விலகுவதா, நீங்கள் ஆட்குறைப்பு செய்வதா?" இதற்கு எல்லாருக்கும் பொருந்தும் ஒரே பதில் கிடையாது. முதலில் அவரவர் வேலை ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். வேலையிடம் இன்ன முகவரி என்று குறித்திருக்கிறதா, நிறுவனம் இடம் மாற்றலாம் என்ற வாசகம் இருக்கிறதா என்று. எங்களுடையதில் பழைய ஒப்பந்தங்களில் ஊபி முகவரி மட்டும் இருந்தது, புதியவற்றில் மாற்றலாம் என்ற வாசகம் இருந்தது. ஒரே மேசையில் உட்காரும் இருவருக்கு இரண்டு விதம். ஆட்குறைப்பு என்றானால் இரண்டு வருடம் பணியாற்றியவர் இழப்பீடு கேட்கலாம், ஒவ்வொரு வருடப் பணிக்கும் இரண்டு வாரம் முதல் ஒரு மாதச் சம்பளம் வரை கொடுப்பது இங்கே வழக்கம். குறைந்தது பத்துப் பேர் உள்ள நிறுவனம் என்பதால் ஆட்குறைப்பை ஊழியரிடம் சொன்ன ஐந்து வேலை நாளுக்குள் மனிதவள அமைச்சுக்கும் தெரிவிக்க வேண்டும். முதலாளி இதைக் கேட்டதும் வெளிறிப் போனார். கடைசியில் விலகியவர்களுக்கு முன்னறிவிப்புக் காலத்தைத் தள்ளுபடி செய்து, பணிக்காலத்துக்கு ஏற்ப ஒரு தொகையும் கொடுத்தார். ஒவ்வொருவரோடும் தனித்தனியாகப் பேசி முடிக்க எனக்கு ஐந்து வாரம் பிடித்தது. அறிவிப்புக்கு முன்பே முடிவு செய்திருந்தால் ஒரு பத்தியில் எழுதியிருப்பேன்.

சரி, தேதிக்கு வருகிறேன். ஜூலை 1 என்று எழுதினோம் இல்லையா? அது எங்கிருந்து வந்தது தெரியுமா? பழைய இடத்தின் குத்தகை ஜூலை 31இல் முடிகிறது, ஒரு மாதம் முன்னால் போய்விடலாம் என்று முதலாளி நினைத்த தேதி. ஆனால் தொழிற்கட்டட வாடகையில் இடத்தை எடுத்தபோது இருந்த நிலைக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும். நாம் எழுப்பிய தடுப்புச் சுவர், போட்ட கூரைப்பலகை, குளிர்சாதனக் குழாய் எல்லாவற்றையும் பிடுங்கி, தரையைச் சரிசெய்து ஒப்படைக்க வேண்டும். அந்த வேலைக்கு ஒப்பந்தக்காரர் மதிப்பிட்டது நான்கு வாரம். அப்படியென்றால் ஜூலை 1 என்பது நடந்தால் நல்லது என்ற தேதி இல்லை, தாண்டக் கூடாத தேதி. எங்களிடம் இரண்டு, மூன்று நாளுக்கு மேல் கையிருப்பு இல்லை என்பது மே மாதம்தான் எங்களுக்கே தெரிந்தது.

அந்தப் பக்கம் புதிய இடத்தில், கிடங்கு அடுக்குகளைப் பழையதைவிட உயரமாகப் போட்டோம். அடுக்கு உயர்ந்தால் மேலே இருக்கும் தீயணைப்புத் தெளிப்பான்களும் அதற்குத் தகுந்தபடி இருக்க வேண்டும். வரைபடம் திருத்தி, வேலை முடித்து, தீப்பாதுகாப்புச் சான்று கிடைக்காமல் உள்ளே போய் உட்கார முடியாது. அது மூன்று வாரம் இழுத்தது. கடைசியில் நாங்கள் போனது ஜூலை 21. பழைய இடத்துக்கு ஒரு மாத நீட்டிப்பு கேட்டு, வழக்கத்தைவிட அதிக வாடகை கட்டினோம்.

நிறுவனத்துக்கு அது பணம். ஊழியருக்கு? ஊரிலிருந்து வந்து வேலை பார்க்கும் ஒரு தம்பி, பிடோக்கில் அறை வாடகைக்கு இருந்தவர், என் மின்னஞ்சலை நம்பி வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு ஜூலை 1க்கு பூன் லேயில் அறை பார்த்துவிட்டார். அந்த மூன்று வாரமும் பூன் லேயிலிருந்து ஊபிக்குத் தீவைக் குறுக்காகக் கடந்து எதிர்த்திசையில் வந்துபோனார். "பரவாயில்லக்கா, பழகிக்கிட்டேன்" என்று சிரித்தார். அவர் திட்டியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

இப்போது நான் ஒரு தேதி எழுதுவதில்லை. மூன்று எழுதுவேன். எதிர்பார்க்கும் தேதி, அது எதனால் தள்ளிப்போகக் கூடும் என்ற காரணத்தோடு. உறுதியான தேதியை எப்போது சொல்வோம் என்ற தேதி. அப்புறம், "இந்த நாளுக்கு முன் வீடு, அறை, பள்ளி, பராமரிப்பு நிலையம் எதையும் மாற்றிவிடாதீர்கள்" என்ற தேதி. இந்த மூன்றாவதுதான் அந்தத் தம்பி மாதிரி ஆட்களுக்கு உண்மையில் தேவைப்படுவது. எங்கள் விஷயத்தில் தீப்பாதுகாப்புச் சான்று கைக்கு வந்த நாள்தான் அந்த நாளாக இருந்திருக்க வேண்டும்.

உதவி என்று நிறுவனம் செய்தது இரண்டு: பேருந்து, போக்குவரத்துப்படி. இரண்டிலும் முதல் தடவை கோட்டை விட்டோம்.

பேருந்தை மாதம் 3,600 வெள்ளிக்கு ஏற்பாடு செய்தோம். எங்கிருந்து கிளம்ப வேண்டும்? எல்லாருக்கும் தெரிந்த இடம் என்று பழைய அலுவலக வாசலையே வைத்தோம். யோசித்துப் பார்த்தால் சிரிப்பு வருகிறது. தெம்பனிஸ்காரர் முதலில் ஊபிக்கு வர வேண்டும், அங்கே காத்திருக்க வேண்டும், பிறகு காலை நெரிசலில் தீவு விரைவுச்சாலையில் ஊர்ந்து துவாஸ் போக வேண்டும். ரயிலே மேல். முதல் இரண்டு மாதம் 40 இருக்கைப் பேருந்தில் நான்கு பேர் உட்கார்ந்து போனார்கள். 7,200 வெள்ளி. அட்டவணையில் அஞ்சல் குறியீடுகள் இருந்தன, ஒரு தடவை வரைபடத்தில் புள்ளி வைத்துப் பார்த்திருந்தால் தெம்பனிஸிலும் செராங்கூன் பக்கத்திலும் ஆட்கள் கூட்டமாக இருப்பது தெரிந்திருக்கும். மூன்றாவது மாதம் அந்த இரண்டு இடத்திலும் எம்ஆர்டி அருகே ஏற்றிக்கொள்ளும்படி மாற்றியதும் ஒன்பது பேர் ஆனார்கள். ஒப்பந்தம் போடும்போதே, இரண்டு மாதத்துக்குப் பின் வழியை மாற்றலாம், வண்டியைச் சிறியதாக்கலாம் என்று எழுதி வாங்கிவிடுங்கள். நாங்கள் வாங்காததால் மாற்றத்துக்குத் தனிக் கட்டணம் கட்டினோம். மாலைப் பேருந்து 6 மணிக்குக் கிளம்பிவிடும், கூடுதல் நேரம் வேலை செய்கிறவர் அதைத் தவறவிடுவார். அவர்களை வீடு சேர்க்கும் டாக்சிச் செலவு யாருடையது என்பதையும் முதல் நாளே எழுதிவிடுவது நல்லது. பேருந்தின் ஒரு நன்மையை யாரும் சொல்வதில்லை: நிறுவனம் ஏற்பாடு செய்த வாகனத்தில் வரும்போது விபத்து நேர்ந்தால் வேலையிடக் காயத்துக்கான இழப்பீட்டுச் சட்டத்தில் அது அடங்கும், எம்ஆர்டியில் வரும்போது பொதுவாக அடங்காது.

போக்குவரத்துப்படி இன்னும் மோசமான கதை. பேருந்தைப் பயன்படுத்த முடியாத, அரை மணிக்கு மேல் கூடியவர்களுக்கு மாதம் 150 வெள்ளி என்று அறிவித்தோம். கைதட்டினார்கள். மாத முடிவில் சம்பளச் சீட்டு வந்தது. படி வாங்கிய 12 பேரில் சிங்கப்பூரர், நிரந்தரவாசிகள் ஒன்பது பேர். அவர்கள் கைக்கு வந்தது 120 வெள்ளி. ஒவ்வொரு மாதமும் ரொக்கமாகக் கொடுக்கும் படி சம்பளத்தின் பகுதிதான், அதற்கும் மத்திய சேம நிதி பிடிக்க வேண்டும். 55 வயது வரை ஊழியர் பங்கு 20 விழுக்காடு, அதாவது 30 வெள்ளி. வேலை அனுமதியில் இருக்கும் மற்ற மூன்று பேருக்கு மசேநி இல்லை, அவர்கள் முழு 150ஐ வாங்கினார்கள். "வெளிநாட்டுக்காரனுக்கு மட்டும் முழுசா?" என்று கிடங்கில் பேச்சு கிளம்பிவிட்டது. 30 வெள்ளி எங்கேயும் போய்விடவில்லை, அவர்கள் கணக்கில்தான் இருக்கிறது, நிறுவனமும் தன் பங்காக 17 விழுக்காடு, தலைக்கு 25 வெள்ளி 50 காசு மேலே போட்டது என்று விளக்கினேன். கேட்கிற மனநிலையில் யாரும் இல்லை. முதலாளிக்கும் அதிர்ச்சி, ஒன்பது பேருக்கு மாதம் 229 வெள்ளி 50 காசு பட்ஜெட்டில் இல்லாத செலவு. இந்தப் படிக்கு வருமான வரியும் உண்டு. ஆகவே தொகையைச் சொல்லும்போதே "சேம நிதிக்குப் பின் கையில் இவ்வளவு" என்று சேர்த்துச் சொல்லுங்கள். எத்தனை மாதத்துக்கு என்றும் சொல்லுங்கள். நாங்கள் சொல்லவில்லை, அதனால் ஆறாவது மாதம் நிறுத்தப் பார்த்தபோது சம்பளத்தைக் குறைத்த மாதிரி ஆகிவிட்டது. இன்னும் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

இன்னொன்று, சின்னது. என் மின்னஞ்சல் ஆங்கிலத்தில் மட்டும் போனது. கிடங்கில் மின்னஞ்சலே திறக்காதவர்கள் பாதிப் பேர். எங்கள் பண்டகசாலை அங்கிள், 60 வயதைத் தாண்டியவர், விஷயத்தைக் கேள்விப்பட்டது கீழே காப்பிக்கடையில், பக்கத்து நிறுவனத்து லாரி ஓட்டுநர் சொல்லி. "இருபது வருஷமா இருக்கேன், அடுத்த கம்பெனிக்காரன் சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா?" என்று கேட்டார். ரயிலில் எத்தனை நிமிடம் என்றெல்லாம் அவர் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. அவரிடம் நேரில் முதலில் சொல்லியிருக்க வேண்டும். ஐந்து நிமிட வேலை.

மறுபடி எழுத வாய்த்தால் அறிவிப்பை வெள்ளி மாலை அனுப்ப மாட்டேன். செவ்வாய்க்கிழமை காலை, முதலாளி நேரில் நின்று பேசியபின், கேள்வி கேட்க அந்த வாரம் முழுக்க ஆள் இருக்கும்போது அனுப்புவேன். ஏறக்குறைய இப்படி எழுதுவேன்:

"நம் ஊபி இடத்தின் குத்தகை ஜூலை 31இல் முடிகிறது. கிடங்குக்குப் பெரிய இடம் தேவைப்படுவதால் துவாஸுக்குப் போக முடிவு செய்துள்ளோம். இந்த முடிவு மாறாது. ஜூலை மாதத்தில் மாறுவோம் என்று எதிர்பார்க்கிறோம், தீப்பாதுகாப்புச் சான்று கிடைப்பதைப் பொறுத்து அது மூன்று, நான்கு வாரம் தள்ளிப்போகலாம். உறுதியான தேதியைக் குறைந்தது நான்கு வாரம் முன்பே எழுத்தில் சொல்வோம். அதற்கு முன் வீட்டையோ குழந்தைப் பராமரிப்பு நிலையத்தையோ மாற்ற வேண்டாம். உங்கள் பயண நேரம் எவ்வளவு மாறும் என்று கணக்கிட்டிருக்கிறோம், உங்களுக்குரிய தாள் இந்த வாரம் உங்கள் கைக்கு வரும். தவறிருந்தால் திருத்திக் கொடுங்கள். ஒரு வழிக்கு அரை மணிக்கு மேல் கூடுகிறவர்களோடு இரண்டு வாரத்துக்குள் தனியாகப் பேசுவோம். பேருந்து, போக்குவரத்துப்படி, வேலை நேர மாற்றம், வீட்டிலிருந்து வேலை ஆகியவற்றில் எது பொருந்தும் என்று அப்போது முடிவு செய்யலாம். படி ஆறு மாதத்துக்குக் கொடுக்கப்படும். 150 வெள்ளியில் சேம நிதிக்குப் பின் 55 வயது வரை உள்ளவர்கள் கையில் 120 வெள்ளி கிடைக்கும். வர இயலாதவர்களுக்கான ஏற்பாடு இரண்டாம் பக்கத்தில் உள்ளது."

முதலாளியிடம் இதைக் காட்டினேன். "இவ்வளவு நீளமா?" என்றார். அப்புறம் கொஞ்ச நேரம் கழித்து, இரண்டாம் பக்கம் எங்கே என்று கேட்டார்.

நான் செங்காங்கிலிருந்து ஊட்ரம் பார்க் வந்து மாறித் துவாஸ் லிங்க் போகிறேன். எனக்கும் அரை மணிக்கு மேல்தான் கூடியிருக்கிறது. அந்த 21 பேரில் நானும் ஒருத்தி என்பதை அட்டவணை போட்டு முடித்தபோதுதான் கவனித்தேன். என் தாளை என்னிடம் கொடுத்துப் பேச யாரும் இல்லை. படிக்கு விண்ணப்பம் எழுதி, அதைச் சரிபார்த்து, நானே கையெழுத்துப் போட்டுக்கொண்டேன்.